ஒரு ஷாஃப்ட்டின் அடக்க விலை

கோவை கணபதி, பீளமேடு பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் பம்ப் உதிரிபாகங்களைப் பேட்ச் பேட்சாகத்தான் ஓட்டுவார்கள். அப்படி ஐந்து மெஷின் உள்ள ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். 200 ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. காஸ்ட் ஷீட்டில் இரும்புக்கு 30,000 ரூபாய். ஒரு ஷாஃப்ட்டுக்கு 12 நிமிடம் என்று 40 மணி நேரம். அதற்கு ஆபரேட்டர் கூலி மணிக்கு 100 வீதம் 4,000, ஓவர்ஹெட் மணிக்கு 240 வீதம் 9,600. மொத்தம் 43,600. 200ஆல் வகுத்தால் 218 ரூபாய். 240க்குக் கொடுத்தால் ஒன்றுக்கு 22 ரூபாய் நிற்கும் என்று ஷீட் சொல்கிறது.

கூட்டலில் பிழை கிடையாது. சரிபார்க்க வேண்டியது அந்த 240, 40, 200 மூன்றும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான்.

முதலில் 240. வாடகை, கரண்ட், சூப்பர்வைசர் சம்பளம், தேய்மானம், ரிப்பேர், ஆயில், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இந்தப் பட்டறைக்கு மாதம் 2,40,000 ரூபாய். எந்த ஒரு ஷாஃப்ட்டின் பேரிலும் இந்தச் செலவை நேராக எழுத முடியாது. அதனால் மெஷின் ஓடும் நேரத்தின் மேல் ஏற்றுகிறோம். ஐந்து மெஷின், எட்டு மணி நேரம், 25 நாள் என்று பெருக்கி 1,000 மணி எடுத்ததால்தான் மணிக்கு 240 வந்தது. ஆனால் எந்தப் பட்டறையிலும் மெஷின் அப்படி ஓடுவதில்லை. பராமரிப்புக்கு நிற்கும், கரண்ட் போகும், ஆள் வராமல் நிற்கும். லாக் புத்தகத்தில் பல மாதங்களைப் பார்த்தால் சராசரி 800 மணி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விகிதம் 300.

அடுத்து 40 மணி. டூல் மாட்டி, அளவு வைத்து, முதல் பீஸ் பாஸ் ஆகும் வரை செட்டிங்குக்கு 4 மணி போயிருக்கிறது. ஷீட்டில் அது இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலர் தடுமாறுவது இதில்தான். 800 மணியில் செட்டிங் நேரமும் அடங்கியிருந்தால், பேட்ச்சிலும் 44 மணியாகப் போட வேண்டும். 800 என்பது வெட்டும் நேரம் மட்டும் என்றால், செட்டிங் நேரத்து ஓவர்ஹெட் ஏற்கெனவே விகிதத்துக்குள் வந்துவிட்டது. மறுபடி சேர்த்தால் இரட்டைக் கணக்கு. விகிதத்தில் எந்த மணியோ, ஷீட்டிலும் அதே மணி. நம் பட்டறையில் செட்டிங் அடங்கியிருப்பதாகக் கொள்வோம்.

கடைசியாக 200. வழக்கம்போல 10 பீஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது. பில் போடப்போவது 190க்குத்தான். ஆகவே மொத்தச் செலவையும் 190தான் சுமக்க வேண்டும். ரிஜெக்ட் ஆனதைப் பழைய இரும்பாக விற்ற 200 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது திரும்பப் போடுவோம். இரும்பு 30,000, கூலி 4,400, ஓவர்ஹெட் 13,200. கூட்டி 200ஐக் கழித்தால் 47,400. 190ஆல் வகுத்தால் ஒன்று 249 ரூபாய் 47 காசு. 22 ரூபாய் லாபம் என்று நம்பிய இடத்தில் ஒன்றுக்கு ஒன்பதரை ரூபாய் கை நஷ்டம்.

செட்டிங் தனியே கவனிக்கத் தக்கது. அந்த 4 மணிக்குக் கூலியும் ஓவர்ஹெட்டுமாக 1,600 ரூபாய். 200 பீஸில் அது ஒன்றுக்கு 8 ரூபாய். அதே வேலைக்கு 50 பீஸ் ஆர்டர் வந்தால் 32 ரூபாய். பெரிய பேட்ச் விலையையே சின்ன பேட்ச்சுக்கும் சொல்வது இந்த 24 ரூபாயைத் தானமாகக் கொடுப்பது.

மாதக் கடைசியில் விகிதத்தையே சோதிக்கலாம். மெஷின்கள் 760 மணி ஓடின, உண்மைச் செலவு 2,46,000 என்று வையுங்கள். ஷீட்டுகளில் ஏறியது 2,28,000. குறை 18,000. இதில் 12,000 ரூபாய் 40 மணி குறைவாக ஓடியதால் வந்தது. 6,000 செலவு ஏறியதால். (கரண்ட் போன்றவை ஓட்டத்தோடு குறையும் என்பதால் இந்தப் பிரிவு தோராயமானதுதான்.) செலவு ஏறியது நிலைத்துவிட்டால் விகிதத்தைத் திருத்த வேண்டும். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்ற செலவை மட்டும் ஓடிய பீஸ்களின் தலையில் கட்டக் கூடாது. 500 மணிதான் ஓடியது என்று விகிதத்தை 480 ஆக்கினால் விலை ஏறும், இருக்கிற ஆர்டரும் போகும், மறுமாதம் விகிதம் இன்னும் ஏறும். சரக்கிருப்பை மதிப்பிடும் இந்தியக் கணக்கியல் தரம் ஏ.எஸ்.-2 கூட, நிலையான உற்பத்தி ஓவர்ஹெட்டை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே ஏற்றச் சொல்கிறது. மீதி அந்தக் காலத்துச் செலவாக லாப நட்டக் கணக்குக்குப் போகிறது.