தட்டச்சு எழுத்தில் மை ஏறும் விதம்

பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்த தாளை உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு விதக் குறைகள் தெரியும். ஓர் எழுத்து வரியிலிருந்து சற்றே கீழிறங்கியோ சாய்ந்தோ நிற்கும். அதைத் தாங்கும் கம்பி வளைந்திருப்பதே காரணம். அதனால் அந்த எழுத்து வரும் இடமெல்லாம் அதே பிசகு இருக்கும். தடயவியல் நிபுணர்கள் ஒரு கடிதம் எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க இதுவும் உதவுகிறது. மையின் கதை வேறு. விரல் அழுத்தத்துக்கும் ரிப்பனின் ஈரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு அடியிலும் அது மாறும்.

கணினியில் பழைய சாயல் போலியாகத் தெரிவது இங்கேதான். மை தேய்ந்தது போன்ற ஃபான்ட்டில் ஓர் எழுத்துக்கு ஒரே படம் இருந்தால், ஒரே கீறல் பக்கமெங்கும் திரும்பத் திரும்ப வரும். இரட்டை எழுத்து வரும் சொல்லில் கண் உடனே அதைப் பிடித்துவிடும். எரிக் வான் ப்ளாக்லாண்ட் நிஜத் தட்டச்சிலிருந்து உருவாக்கி 1991இல் வெளிவந்த டிரிக்ஸி புகழ்பெற்ற ஃபான்ட். அதன் பிந்தைய பதிப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் பல வடிவங்கள் உண்டு. அவை தாமாகவே மாறி மாறி விழும்.

அந்த வசதி இல்லாத தமிழ் ஃபான்ட்டில் கையால் செய்யலாம். ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்கு ‘பாப்பா’ என்ற தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று ‘ப’ வருகிறது. முதலில் சொல்லை ஓவிய வடிவமாக மாற்றி எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். மூன்று ‘ப’வையும் ஒரே அளவு, எழுத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, கீழே இறக்குங்கள். இது இயந்திரத்தின் பிசகு, மாறக்கூடாது. பிறகு மையை மட்டும் மாற்றுங்கள்: முதல் ‘ப’ முழுக் கறுப்பு, அடுத்தது 85 சதவீதம், மூன்றாவது 92. மெல்லிய புள்ளிச் சிதறலை முகமூடியாகப் போட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அதைச் சற்றே நகர்த்தி வையுங்கள்.

புள்ளியை மட்டும் தொடவே வேண்டாம். அது மங்கினால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். சுழிகளின் உள்வெளியும் அப்படியே. மை கசிந்ததாகக் காட்ட ஆசைப்பட்டு அதை அடைத்தால் ‘ன’வும் ‘ண’வும் குழம்பும். எழுத்தின் வெளிவிளிம்பு எவ்வளவு வேண்டுமானாலும் கரடாக இருக்கட்டும், உள்வெளி திறந்தே இருக்கவேண்டும்.

இதெல்லாம் தலைப்புக்கும் ஒன்றிரண்டு வரிகளுக்கும்தான். நீண்ட பத்திகளில் தேய்ந்த எழுத்து கண்ணைக் களைக்க வைக்கும். ஆங்கிலமானால் அங்கே கூரியர் பிரைம் போன்ற சுத்தமான ஃபான்ட் போதும். பழமையை வரி இடைவெளியும் தாளின் நிறமும் தரட்டும். திரையில் பார்த்துத் திருப்திப்படாமல் அச்சாகப்போகும் தாளிலேயே ஒரு பிரதி எடுங்கள். செய்தித்தாள் போன்ற மலிவான தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். திரையில் திறந்திருந்த சுழி அங்கே மூடிக்கொண்டால், கரட்டை இன்னும் பாதி குறைக்கவேண்டும்.