ஆர்சிஎஸ் செய்தி ஏன் எஸ்எம்எஸ் ஆகிறது?

ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள கூகுள் மெசேஜஸ் செயலி, ஒரே உரையாடலுக்குள் இரண்டு வழிகளில் செய்தி அனுப்பும். இணையம் வழியாகப் போவது ஆர்சிஎஸ். இதில் படங்கள் தெளிவாகப் போகும், எதிராளி தட்டச்சு செய்வது தெரியும், படித்ததும் குறி விழும். மற்றது பழைய எஸ்எம்எஸ். ஒரு செய்தி ஆர்சிஎஸ்ஸாகப் போக இருவருடைய எண்களும் அந்தச் சேவையில் பதிவாகியிருக்க வேண்டும். ஒருவர் எண் பதிவாகாமல் இருந்தாலும், செயலி எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எஸ்எம்எஸ்ஸுக்கு மாறிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த மாற்றம் கூடுதல் செலவு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியே கணக்கில் சேரும். ‘நாளை காலை வருகிறேன்’ என்பது கண்ணுக்கு 9 எழுத்து. இடைவெளிகளையும் சேர்த்து எஸ்எம்எஸ் கணக்கில் அது 19. நாலைந்து வரி எழுதினால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ்ஸுக்கான கணக்கு ஏறிவிடும்.

எந்த வழியில் செய்தி போகிறது என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். தட்டச்சுப் பெட்டியில் மங்கலாக RCS message என்று இருந்தால் ஆர்சிஎஸ். Text message என்று இருந்தால் எஸ்எம்எஸ். ஒருவருக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸாகப் போனால் பெரும்பாலும் அவருடைய எண் பதிவாகவில்லை என்று கொள்ளலாம். யாருக்கு அனுப்பினாலும் எஸ்எம்எஸ்தான் என்றால் அனுப்புபவரின் போனைத்தான் பார்க்க வேண்டும்.

பதிவு செய்ய, முதலில் கூகுள் மெசேஜஸையே போனின் இயல்பான எஸ்எம்எஸ் செயலியாக வைக்க வேண்டும். பிறகு செயலியின் மேல் மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, Messages settings, அதனுள் RCS chats என்று போய், Turn on RCS chats என்பதை இயக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டும். நிலை Connected என்று மாறினால் பதிவு முடிந்தது. Setting up என்றே நின்றால் எண் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.

பெரும்பாலும் சிக்கல் வருவது இந்தச் சரிபார்ப்பில்தான். அந்த எண்ணுக்குரிய சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்பதை நிரூபிக்க, போன் தானாகவே பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாம். அது வெளியே போகாவிட்டால் பதிவும் நடக்காது. இரண்டு சிம் உள்ள ஒரு போனை எடுத்துக்கொள்வோம். பழைய எண் முதல் சிம்மில். அதன் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. அழைப்புகள் வருகின்றன, வெளியே மட்டும் போவதில்லை. டேட்டா இரண்டாவது சிம்மில். வாட்ஸ்அப் தடையின்றி ஓடுகிறது, ஏனென்றால் அது அந்த எண்ணை முன்பே சரிபார்த்துவிட்டது. ஆர்சிஎஸ் மட்டும் Setting up என்றே நிற்கிறது. இணையம் நன்றாக இருப்பதால் செயலியில்தான் கோளாறு என்று தோன்றும். உண்மையில் தேவைப்படுவது எஸ்எம்எஸ் வசதியுள்ள ஒரு ரீசார்ஜ். அந்த சிம்மிலிருந்து ஒரு நண்பருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

எஸ்எம்எஸ் போயும் பதிவு நிற்கிறதென்றால், RCS chats-ஐ நிறுத்தி, மெசேஜஸ், Carrier Services என்ற இரண்டு செயலிகளையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்து, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். ரூட் செய்த போன்களில் இவை பலிக்காமல் போகலாம். 2024 முதல் கூகுள் அவற்றில் ஆர்சிஎஸ்ஸைத் தடுத்து வருகிறது. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் சிம் நிறுவனமும் ஐபோனுக்கு அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். திறக்காவிட்டால் செட்டிங்ஸில் RCS Messaging என்ற பகுதியே தென்படாது.

பதிவு செய்வதைப் போலவே, தேவைப்படும்போது அதை நீக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சிம்மைக் கழற்றிச் சாதாரண பட்டன் போனில் போட்டுக்கொண்டவரின் எண், சேவையில் பதிவான எண்ணாகவே சில காலம் இருக்கக்கூடும். மற்றவர்கள் அனுப்பும் செய்திகள் ஆர்சிஎஸ்ஸாகவே கிளம்பி, அவருடைய பட்டன் போனுக்கு வந்து சேராமல் போகும். சிம்மைக் கழற்றும் முன்பே பழைய போனில் RCS chats-ஐ நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் போன் கைவிட்டுப் போயிருந்தால் messages.google.com/disable-chat என்ற பக்கத்தில் எண்ணைக் கொடுக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டை அங்கே இட்டதும் பதிவு நீங்கும். அதன்பின் வருபவை எஸ்எம்எஸ்ஸாக வந்து சேரும்.