கருத்தரிக்கும் முன் இரண்டு மாத ஊசிக் கணக்கு

“எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டுடுச்சு டாக்டர், இனிமே வராது.” குழந்தைக்குத் திட்டமிட்டு மருத்துவரிடம் போகும் பெண்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. நீர்க்கொப்புளம் கிளம்பி, வேப்பிலையில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மை என்றால் அது பெரும்பாலும் சின்னம்மைதான். அதை நம்பலாம். ஆனால் ருபெல்லா விஷயத்தில் ஞாபகம் உதவாது. லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். சிலருக்கு அதுகூடத் தெரியாது. வேறு வைரஸ் காய்ச்சல்களிலும் இதே தடிப்பு வரும். அதனால் ருபெல்லாவுக்கு ரத்தப் பரிசோதனையோ தடுப்பூசிச் சீட்டோதான் சாட்சி.

தாய்க்கு இவ்வளவு சாதுவாக வந்துபோகும் இந்த வைரஸ், கருவை என்ன செய்யும் என்று முதலில் கண்டுசொன்னவர் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தபோது, பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது தெரிந்தது. அவர் இதை வெளியிட்ட ஆண்டு 1941. கண்புரையோடு காது கேளாமையும் இதயக் கோளாறும் சேர்ந்து வரலாம். முதல் 12 வாரத்துக்குள் தொற்றினால் ஆபத்து மிக அதிகம். 20 வாரம் தாண்டினால் அபூர்வம். சின்னம்மையால் கருவுக்கு ஊனம் வருவது இதைவிடக் குறைவு, நூற்றில் ஒன்று இரண்டுதான். ஆனால் கர்ப்பிணிக்கு அது நிமோனியாவாக முற்றலாம். பிரசவத்தையொட்டி வந்தால் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

27 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது 2017-இல். ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அந்த ஊசி. அப்போதே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த இவருக்கு அது கிடைக்கவில்லை. சின்னம்மை ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால், தனியாரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. இவரிடம் சீட்டு எதுவும் இல்லை, அம்மை வந்த நினைவும் இல்லை. எனவே இரண்டுக்கும் ஐஜிஜி பரிசோதனை செய்கிறார்கள். இரண்டுமே நெகட்டிவ்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பதறிப்போகும் தம்பதிகள் உண்டு. அது நோய் அல்ல, எதிர்ப்புச் சக்தி இருப்பதன் அடையாளம். நமக்கு வேண்டியதே அதுதான். புதுத் தொற்றைத் தேடுவது ஐஜிஎம் பரிசோதனை. அறிகுறியே இல்லாதவருக்கு அதைச் செய்வதால் பொய்யான பயம்தான் மிஞ்சும்.

இனி ஊசி. ருபெல்லாவுக்கான எம்எம்ஆர், சின்னம்மை ஊசி இரண்டுமே வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸால் ஆனவை. அதனால்தான் கர்ப்பத்தில் போடுவதில்லை, கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பையும் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குச் சின்னம்மை ஊசி இரண்டு தவணை. இடையே குறைந்தது நான்கு வாரம். ருபெல்லாவுக்கு எம்எம்ஆர் ஒரு தவணை போதும்.

நம் பெண் ஜனவரி 10 அன்று இரண்டு ஊசியையும் ஆளுக்கொரு கையில் போட்டுக்கொள்கிறார். பிப்ரவரி 7-இல் சின்னம்மையின் இரண்டாம் தவணை. மார்ச் இரண்டாம் வாரத்தில் அவர் கருத்தரிக்கத் தயார். முதல் நாள் எம்எம்ஆர் மட்டும் போட்டிருந்தால், சின்னம்மை ஊசியை பிப்ரவரி 7-இல்தான் தொடங்க முடியும். கணக்கு ஏப்ரலுக்குப் போய்விடும். “அடுத்த வாரம் வந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்பது அதைவிட மோசம். உயிருள்ள இரு ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லையேல் 28 நாள் விட வேண்டும். நடுவில் போட்டால் இரண்டாவது சரியாக வேலை செய்யாமல் போகலாம், திரும்பப் போட நேரிடும். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் சில மாதம் காத்திருக்க வேண்டும். “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று உறவினர்கள் நச்சரிக்கட்டும், இந்த இரண்டு மாதத்தை அவர்களுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஊசி போட்ட பிறகு, முன்பே கரு தங்கியிருந்தது தெரியவந்தால்? கருக்கலைப்புக்கு அது காரணமே ஆகாது. ருபெல்லா ஊசியால் ஊனத்தோடு பிறந்த குழந்தை என்று இதுவரை ஒன்றுகூட உறுதியாகவில்லை. ஒரு மாத இடைவெளி முன்னெச்சரிக்கைக்குத்தான்.

கர்ப்பமான பிறகே எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தவர்கள், உடம்பில் தடிப்போ கொப்புளமோ உள்ளவர்கள் பக்கம் போகாதீர்கள். அப்படி ஒருவரோடு இருந்துவிட்டால் கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னம்மைக்கு நோயெதிர்ப்புப் புரத ஊசி உண்டு, பத்து நாளுக்குள் போட்டால்தான் பலன். குழந்தை பிறந்ததும், வீடு திரும்பும் முன்பே விட்டுப்போன தடுப்பூசிகளைக் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பால் கொடுப்பதற்கு அவை தடையில்லை.