சனிக்கிழமைச் சம்பளமும் வரித் தணிக்கையும்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் பில் போட்ட தொகை 4 கோடியே 20 லட்சம். வந்த பணம் பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் வந்தது. "பத்துக் கோடி வரைக்கும் ஆடிட் கிடையாதே" என்று முதலாளி நிம்மதியாக இருக்கிறார். இந்தக் கணக்குக்கு வரித் தணிக்கை உண்டா, இல்லையா?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவு வியாபாரத்துக்கு வைத்த எல்லை இன்றும் ஒரு கோடி ரூபாய்தான். பத்துக் கோடி என்பது நிபந்தனையோடு வரும் சலுகை. 2020-இல் ஐந்து கோடியாக வந்து, அடுத்த ஆண்டே பத்துக் கோடியானது. ஆண்டு முழுவதும் வந்த பணத்தில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொடுத்த பணத்திலும் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் எல்லை மறுபடி ஒரு கோடிக்கு இறங்கிவிடும். வரவை மட்டும் பார்த்துவிட்டுச் செலவை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

முதலில் விற்றுமுதல். ஜிஎஸ்டியைத் தனிக் கணக்கில் எழுதி வந்திருந்தால் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. 5 சதவீத ஜிஎஸ்டி 20 லட்சத்தைக் கழித்தால் நம் கம்பெனியின் விற்றுமுதல் 4 கோடி. திரும்பி வந்த சரக்கின் மதிப்பையும் கழிக்கலாம். கழிவுத் துணி விற்ற பணம் தனியாக இருந்தால் அதைக் கூட்ட வேண்டும். பழைய தையல் மெஷினை விற்ற பணம் இதில் சேராது. எப்படிப் பார்த்தாலும் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே ரொக்கச் சோதனை அவசியம்.

வரவுச் சோதனையில் விற்பனைப் பணத்தோடு நிற்கக் கூடாது. 'பெறப்பட்ட எல்லாத் தொகையும்' என்கிறது சட்டம். வாங்கிய கடனும் முதலாளி போட்ட முதலும் அதில் அடங்கும். கடனுக்கு விற்று இன்னும் வசூலாகாத தொகை சேராது. நம் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து 3 கோடியே 90 லட்சம், வங்கிக் கடன் 30 லட்சம், ஆக 4 கோடியே 20 லட்சம் வந்தது. இதில் 5 சதவீதம் 21 லட்சம். ரொக்கமாக வந்தது 14 லட்சம்தான். தேறிவிட்டது. ரொக்கமாக வாங்கிப் பிறகு வங்கியில் கட்டியிருந்தாலும் அது ரொக்க வரவுதான். அக்கவுண்ட் பேயி என்று கோடு போடாத செக்கும் ரொக்கமாகவே கருதப்படும். யுபிஐயில் வந்தால் பிரச்சினை இல்லை.

செலவுப் பக்கம்தான் சிக்கல். நூல் வாங்கியது, சாயப்பட்டறைக் கூலி, கரண்ட் பில், கடன் தவணை என எல்லாம் சேர்த்துக் கொடுத்தது 4 கோடி. அனுமதிக்கப்பட்ட ரொக்கம் 20 லட்சம். ஆனால் சனிக்கிழமைதோறும் கையில் கொடுத்த கூலி வாரத்துக்குச் சுமார் 36,500 ரூபாய். ஆண்டுக்கு 19 லட்சம். ஆட்டோ வாடகை, டீச் செலவு, சில்லறைச் சாமான் என்று இன்னும் 2 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம், அதாவது 5.4 சதவீதம். ஆகவே பத்துக் கோடிச் சலுகை போயிற்று. வரித் தணிக்கை கட்டாயம்.

"ஒருத்தருக்கும் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவில்லையே" என்று முதலாளி கேட்பார். அந்தப் பத்தாயிரம் வேறு பிரிவின் விதி; குறிப்பிட்ட ஒரு செலவை வரிக் கணக்கில் கழிக்கலாமா என்பதை அது சொல்கிறது. 5 சதவீதக் கணக்கில் முந்நூறு ரூபாய் வவுச்சரும் சேரும். கூலிக்காக வங்கியிலிருந்து எடுத்த பணத்தை மட்டும் வரவாக எழுதிவிடக் கூடாது. தன் பணத்தைத் தானே எடுப்பது வரவல்ல.

ஒரு கோடிக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கும் தணிக்கை வரும். 44ஏடி பிரிவின் உத்தேச லாபத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, ஐந்தாண்டு முடியுமுன் அதைவிடக் குறைந்த லாபம் காட்டி, வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் அதுதான் நிலை. டாக்டர், வக்கீல் போன்ற தொழில்முறையாளர்களுக்கு எல்லை 50 லட்சம். அவர்களுக்குப் பத்துக் கோடிச் சலுகை கிடையாது.

தணிக்கை செய்யாமல் விட்டால், 1961 சட்டத்தின் 271பி பிரிவுப்படி விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது ஒன்றரை லட்சம், இதில் எது குறைவோ அது அபராதம். நம் கம்பெனிக்கு அரை சதவீதம் 2 லட்சம் வருவதால் ஒன்றரை லட்சம். நியாயமான காரணம் காட்டினால் அதிலிருந்து விலக்கு கேட்கலாம்.

மார்ச் 31 கடந்தபின் இந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. டிசம்பர் கடைசியிலேயே ரொக்கப் புத்தகத்தின் பற்றுப் பக்கத்தையும் வரவுப் பக்கத்தையும் வங்கிப் பரிமாற்றங்களை நீக்கிக் கூட்டிப் பார்த்திருந்தால், கடைசி 13 வாரக் கூலியை வங்கிக் கணக்கில் போட்டிருக்கலாம். 4 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய் ரொக்கம் குறைந்திருக்கும், விகிதம் 4.2 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்.