வினாத்தாள் வரைவுத் திட்டம்

வினாத்தாள் வரைவுத் திட்டம் என்பது ஒரு தேர்வின் மதிப்பெண்கள் பாடப்பகுதிகளுக்கும் வினா வகைகளுக்கும் பங்கிடப்படும் முறையைக் காட்டும் அட்டவணை ஆகும். விடைக்குறிப்பு, விடையின் ஒவ்வொரு படிக்கும் உரிய மதிப்பெண்ணைத் தருகிறது.

எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்பு இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு 180 நிமிடம் நடைபெற்றது. இதில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5. அவற்றுக்கு 25 மதிப்பெண்கள். மதிப்பெண் விகிதப்படி இப்பகுதிக்கு ஏறத்தாழ 64 நிமிடம், அதாவது ஒரு வினாவுக்கு 13 நிமிடம் கிடைக்கிறது. ஆகவே வருவித்தல்களை அந்நேரத்துக்குள் எழுதிப் பழகுதல் வேண்டும். கணக்குகளில் சூத்திரம், பிரதியிடல், விடை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் உண்டு. இறுதி விடை தவறினும் முற்படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

வினா வகைகளை மட்டும் அறிந்து பாடங்களைத் தவிர்த்தல் பாதுகாப்பானதன்று. 'அல்லது' வினாவின் இரு பகுதிகளும் தவிர்த்த பாடங்களிலிருந்தே அமைந்தால் 5 மதிப்பெண்களும் இழக்கப்படும்.