ரெஸ்யூமேவில் மதிப்பெண் எங்கே குறைகிறது?

பொங்கலூரில் இருக்கும் ஒரு மெடிக்கல் கோடர், அமெரிக்க மருத்துவமனை பில்லிங் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் கேட்பவை மூன்று: குறியீட்டுத் தொகுப்புகள், துல்லியம், மறுக்கப்பட்ட கிளெய்ம்களைக் கையாளுதல். முறையே 40, 30, 30 மதிப்பெண் வைப்போம்.

நோய்க்கான ஐசிடி-10-சிஎம், சிகிச்சைக்கான சிபிடி இரண்டும் ரெஸ்யூமேவில் உண்டு. மருந்து, உபகரணங்களுக்கான எச்சிபிசிஎஸ் இல்லை. 30 தரலாம். 'துல்லியம் 96%' என்கிறார். எத்தனை சார்ட்டில், யார் ஆடிட் செய்தார் என்பது இல்லை. எனவே 15. 'டினையல் தெரியும்' என்ற ஒற்றை வரிக்கு 5. மொத்தம் 50.

அந்த வரியையே, "CO-11 என்று திரும்பிய கிளெய்ம்களில் நோய்க் குறியீடு சிகிச்சையோடு பொருந்தாததை, மருத்துவர் குறிப்பைப் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பினேன்" என்று எழுதினால் 25 கிடைக்கும்; மொத்தம் 70 ஆகும். ஆனால், செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.