காங்கேயம் பசுவா, ஜெர்சி கலப்பினமா?

வெள்ளகோவில், மூலனூர் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் ஒரு பால்மாடு வாங்க நினைத்தால், முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் முடிவு எளிது. ஜெர்சி கலப்பினப் பசு நாளுக்கு எட்டு, பத்து லிட்டர் கறக்கும். காங்கேயம் பசு இரண்டு, மூன்று லிட்டர். ஆனால் பால் கறக்கும் நாட்களைப் போலவே கறக்காத நாட்களிலும் மாட்டுக்குத் தீனி போட வேண்டும். மூன்று ஏக்கர்க்காரருக்கு மாடு கட்டுப்படியாகுமா என்பதை அந்தக் கறக்காத நாட்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஒரு ஈத்து முழுவதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இங்கே போட்டிருப்பவற்றுக்குப் பதிலாக உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பராமரிக்கப்படும் ஜெர்சி கலப்பினம் பத்து மாதம் கறந்து, மூன்று மாதம் வற்றி, பதின்மூன்றாவது மாதம் மறுபடி கன்று ஈனும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி எட்டு லிட்டர் என்றால் ஒரு ஈத்தில் 2,400 லிட்டர். சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து லிட்டருக்கு 36 ரூபாய் கிடைத்தால் 86,400 ரூபாய். உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. அதன்படி கறவையில் நாளுக்கு 4.7 கிலோ, வற்றிய காலத்தில் இரண்டு கிலோ போட்டால், பதின்மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 1,600 கிலோ ஆகும். கிலோ 30 ரூபாய் என்றால் 48,000. சோளத்தட்டு நாளுக்கு ஐந்து கிலோ வீதம் இரண்டு டன் போகும். விலைக்கு வாங்கினால் சுமார் 10,000. மருந்து, காப்பீடு, சினை ஊசிக்கு 5,000. பசுந்தீவனம் சொந்தத் தோட்டத்தில் விளைகிறது. மிச்சம் 23,400 ரூபாய், மாதத்துக்கு 1,800. இதில் வீட்டார் உழைப்புக்குக் கூலி சேர்க்கவில்லை.

இதே மாடு மூன்று மாதம் தாமதமாகச் சினை பிடித்தால் என்ன ஆகும்? பால் இல்லாத தொண்ணூறு நாளுக்குத் தீவனமும் தட்டும் கூடுதலாக 7,650 ரூபாய் தின்னும். மிச்சம் 15,750 ஆகக் குறைந்து, அதுவும் பதினாறு மாதத்துக்குப் பங்காகும். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது. கறவை ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் வருமானம் பாதியாகிவிட்டது. பசு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் ஏறத்தாழ 1,800 ரூபாய் போனது என்று எழுதிக்கொள்ளலாம்.

கலப்பினம் தாமதமாகச் சினை பிடிப்பதற்குக் கொங்குச் சமவெளியில் பெரிய காரணம் வெயில். சித்திரை மாத நடுப்பகலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் ஜெர்சி மாட்டின் விலாவைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும் மாடு நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி, அறுபதைத் தாண்டினால் மாடு வெப்பத்தில் திணறுகிறது என்று பொருள். எண்பதைத் தாண்டி, வாயைத் திறந்து எச்சில் ஒழுக நின்றால் அபாயம். இப்படித் திணறும் மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, மற்ற மாடுகள் மேல் தாவாது. அதிகாலையில் வாலடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற வழும்பு ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். விடிகாலையில் அதைப் பார்த்தவர் அன்று மாலையே ஊசி போடச் சொல்ல வேண்டும். பார்க்க ஆள் இல்லாத வீட்டில், எட்டு மணிக்கு மேல் கொட்டகைக்குப் போகிற வீட்டில், கலப்பினம் பெரும்பாலும் நட்டம்தான்.

வெயிலுக்கு மருந்து நிழலும் தண்ணீரும். கோடையில் கறவைக் கலப்பினம் குடிக்க மட்டும் எழுபது, எண்பது லிட்டர் கேட்கும். மேலே தெளிக்கவும் கொஞ்சம் வேண்டும். அதைவிடப் பெரிய தேவை பசுந்தீவனத்துக்கு. கோ 5 கம்பு நேப்பியர் புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை தரக்கூடியது. ஒரு மாட்டின் நாள் தேவையான 20 கிலோவுக்குப் பாதி விளைச்சல் வந்தாலும் பத்து, பன்னிரண்டு சென்ட் போதும். ஆனால் அந்தப் பத்து சென்ட்டுக்கு மாசி முதல் வைகாசி வரை விடாமல் பாய்ச்ச வேண்டும். ஆகவே கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர் பங்குனிக் கடைசியில் மோட்டார் எத்தனை நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஜெர்சியைப் பற்றி யோசிக்கட்டும். புல் காய்ந்தால் அந்த இடத்தைத் தீவன மூட்டை நிரப்பும், மேலே போட்ட கணக்கு முழுதும் கலைந்துவிடும்.

உண்ணிக் காய்ச்சலும் கலப்பினத்தைத்தான் அதிகம் வாட்டும். 104, 105 டிகிரி காய்ச்சல், தோள்முன் நெறிகட்டி வீங்குவது, ஈறு வெளுப்பது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவர் வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவர்கள் மாட்டையே இழந்திருக்கிறார்கள். அருகில் கால்நடை மருந்தகம் இருக்கிறதா என்பதும் மாடு வாங்குமுன் பார்க்க வேண்டிய சங்கதி.

இனி காங்கேயம் பசு. இது வளர்ந்த இடமே கொறங்காடு. மானாவாரி நிலத்தைச் சுற்றி கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். மழைக்குப் புல் தழைக்கும், கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும். மாடு அங்கேயே மேய்ந்து மரநிழலில் படுத்துக்கொள்ளும். புல் அறுத்துப் போடும் வேலை வருடத்தில் பல மாதம் கிடையாது. தோல் தளர்ந்து, நன்றாக வியர்த்து, வெயிலைத் தாங்கும் உடம்பு அதற்கு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதும் பால் கருதியல்ல, ஏர், வண்டி, கவலை இழுக்கும் காளைகளுக்காக. அதனால் காங்கேயம் பால் குறைவாகக் கொடுப்பதைக் குறை என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் குணத்துக்காக யாரும் அதை வளர்க்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். எட்டு மாதக் கறவையில் கன்று குடித்தது போக 500 லிட்டர், அடுத்த ஈத்துக்கு இடைவெளி பதினாறு மாதம் என்று வைப்போம். சொசைட்டிக்கு ஊற்றினால் 18,000 ரூபாய். கறவையில் ஒரு கிலோ தீவனம் போட்டால் 7,200, கோடை நான்கு மாதத்துக்குத் தட்டு 2,400, மருந்துக்கு 1,500. மிச்சம் 6,900, மாதத்துக்கு 430 ரூபாய். இதே பாலை நாட்டுமாட்டுப் பால் என்று கேட்டு வாங்கும் வீடுகளுக்கு 70 ரூபாய்க்கு ஊற்ற முடிந்தால் மிச்சம் 23,900, மாதத்துக்கு 1,500. ஜெர்சிக்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகிறது, அதுவும் தண்ணீர்க் கவலை இல்லாமல். கொறங்காடு இல்லாமல் பதினாறு மாதமும் கட்டிப்போட்டுத் தட்டை விலைக்கு வாங்கி, பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால், 2,700 ரூபாய் கைநட்டம்.

இதில் கன்றின் விலையைச் சேர்க்கவில்லை. உண்மையில் காங்கேயத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஜெர்சிக் காளைக்கன்றுக்கு விலையே கிடையாது. காங்கேயம் காளைக்கன்று, செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும்போதே வியாபாரி வந்து பார்ப்பார். ரேக்ளாவும் சல்லிக்கட்டும் நடக்கும்வரை நல்ல கன்றுக்குக் கேட்பார் உண்டு. கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் நடமாட்டத்தை நேரில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பாதி ஈத்துகள் கிடாரியாகவே பிறக்கும். அந்தக் கிடாரி முதல் கன்று போட மூன்றரை, நான்கு வருடம் ஆகும். ஜெர்சிக் கிடாரி இரண்டரை வருடத்தில் ஈன்றுவிடும். காத்திருக்க இயலாத குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பால் கறப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காங்கேயம் பசு கன்று ஊட்டினால்தான் சுரக்கும். காலையில் கன்றை அவிழ்த்துவிட்டால் அது நான்கு காம்பிலும் முட்டி முட்டிக் குடிக்கும். மடி இறுகி, வாயோரம் நுரை தள்ளியதும் கன்றைப் பிடித்துத் தாயின் முன்னங்காலருகில் கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் பால் இறங்கும் நேரம். "கன்னு செத்துப்போச்சுன்னா பாலும் போச்சுங்க" என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வதில் மிகை இல்லை. கன்று இறந்த பிறகு கறவையை நிறுத்திக்கொள்ளும் பசுக்கள் நிறைய. ஆகவே காங்கேயம் வாங்குபவர் கன்றையும் பசுவளவு கவனிக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பத்துப் பதினைந்தாம் நாளில் குடற்புழு மருந்து, இரண்டும் தவறக்கூடாது.

எழுபது ரூபாய்க்கு வாங்கும் வீடுகள் இப்போது பெரும்பாலும் 'ஏ2 பால்' என்ற பேச்சை நம்பித்தான் வாங்குகின்றன. நாட்டு மாடுகளின் பாலில் பெரும்பாலும் அந்தவகைப் புரதம் இருப்பது உண்மை. அது ஜெர்சிப் பாலைவிட உடம்புக்கு நல்லது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று அச்சிடுவதை நீக்கச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இந்தப் பேச்சின் மேல் மட்டும் பத்து வருடத் தொழிலைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் கலக்காத, கறந்த சூட்டோடு வீட்டு வாசலுக்கு வரும் பால் என்ற நம்பிக்கையில் வாங்குபவர்கள் நிலைத்து நிற்பார்கள். அப்படிப்பட்ட ஐந்தாறு வீடுகள் சைக்கிள் தூரத்தில் இருக்கின்றனவா என்று மாடு வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

என் முடிவு இதுதான். கோடையிலும் நிற்கும் தண்ணீர், விடிகாலையில் கொட்டகையில் ஓர் ஆள், அருகில் மருத்துவர் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு ஜெர்சி கலப்பினம். கொறங்காடும் நேரடியாகப் பால் வாங்கும் வீடுகளும் உள்ளவருக்குக் காங்கேயம். இரண்டு வகையிலும் சேராதவர் இப்போதைக்கு மாடே வாங்காமல் நான்கு வெள்ளாடு வளர்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெர்சி வாங்கப் போகிறவர் விற்பவர் வீட்டிலேயே ஒரு மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை என்று மூன்று கறவை கண்ணால் பார்க்க வேண்டும். முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியை ஊதக் காட்டுவது சந்தையில் வழக்கம். முதல் கறவையில் ஏமாறலாம், மூன்றாவதில் உண்மை தெரிந்துவிடும். கறந்த பின் மடி துணிபோல் சுருங்க வேண்டும். எந்தக் காம்பிலாவது கட்டி தட்டுப்பட்டாலோ, முதல் பீச்சலில் திரி திரியாக வந்தாலோ மடிநோய் வந்து போன மாடு அது.

காங்கேயம் வாங்குகிறவர், கூட நிற்கும் கன்று அதனுடையதுதானா என்று அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். தன் கன்றானால் நக்கும், பிறத்தியாரதானால் உதைக்கும்.

வாங்கிய பிறகு முதல் சினை ஊசியின்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காங்கேயம் பசுவுக்குக் காங்கேயம் காளையின் விந்துதான் போட வேண்டும். அவசரத்தில் ஜெர்சி போட்டால் பிறக்கும் கன்றுக்குச் சந்தையில் காங்கேயம் என்ற விலை கிடைக்காது. கலப்பினப் பசுவுக்கோ கலப்பினக் காளையின் விந்தே போதும். பால் கூடும் என்று மேலும் மேலும் சுத்த ஜெர்சி போட்டால், அடுத்த தலைமுறை நம் சித்திரை வெயிலுக்கு நிற்காது. எந்தக் காளை, என்ன தேதி என்பதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மூன்றாம் மாதம் சினை பார்க்க மருத்துவர் வரும்போது முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.